நகராதீர்கள் என்று எழுதிய பதிவு

பிரிக்பீல்ட்ஸில் வழக்கறிஞர் வாசுவின் அலுவலகத்துக்குப் படியேறி வருகிறவர்கள் பெரும்பாலும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையின் மீன் குழம்பு வாசனைகூட அவர்களைத் தேற்றியதில்லை. வீரம்மா மட்டும்தான் சிரித்துக்கொண்டே வந்தார். கிள்ளானிலிருந்து ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, வெயிலில் நடந்து வந்த மனிதரின் முகத்தில் அத்தனை தெம்பு இருந்தது. கையில் ஒரு டின் முறுக்கு வேறு.

வந்தவர் உட்காரக்கூட இல்லை. வாசுவின் முகத்தையும் தன் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்து, படத்தில் இருப்பவன் இவன்தான் என்று உறுதி செய்துகொண்டார். பிறகு டின்னை மேசைமேல் வைத்து, "தம்பி, நீங்க நல்லா இருக்கணும்" என்றார்.

வாசுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவனைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று வாரங்களுக்கு முன் ஃபேஸ்புக்கில் அவன் தமிழில் போட்ட பதிவு சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. வாடகைக்கு இருப்பவர்களின் உரிமை பற்றிய பதிவு. 'நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எந்த வீட்டுக்காரரும் உங்களை வெளியேற்ற முடியாது. பயப்படாதீர்கள். நகராதீர்கள்.' கீழே கைகட்டி நிற்கும் அவன் படம். அம்பாங்கில் ஒருவர், சுங்கை பூலோவில் ஒருவர் என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் பகிர்ந்திருந்தார்கள். பங்சாரில் காப்பி குடிக்கப் போன இடத்தில் ஒரு பையன் 'பாஸ், நீங்கதானே அந்த நகராதீர்கள்' என்று கேட்டதை வாசு இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான் என்பதற்கு அவன் அலுவலகக் கூட்டாளி ரமணிதான் சாட்சி. ரமணியும் வழக்கறிஞர்தான். ஆனால் அவள் கைகட்டிப் படம் எடுத்துக்கொள்கிற ரகம் இல்லை.

வீரம்மா உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். கிள்ளானில் தனலெட்சுமி என்றொரு அம்மாள் வீட்டில் பின்கட்டு அறையில் மூன்று வருஷமாகத் தங்கியிருக்கிறார். தொழிற்சாலைக் கேண்டீனில் சமையல் வேலை. இப்போது வீட்டுக்கார அம்மாளின் மகன், ஜொகூரில் இருக்கும் ஜீவனுக்கு வேலை கிள்ளான் துறைமுகப் பக்கம் மாறிவிட்டதாம். மனைவியோடு வருகிறானாம். அறை வேண்டும், மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள் என்று தனலெட்சுமி சொல்லியிருக்கிறார். வீரம்மாவின் தோழி மாரியாயி, கேண்டீனுக்கு நடந்தே போகிற தூரத்தில் ஓர் அறையும் பார்த்துக் கொடுத்திருக்கிறாள்.

"அந்த நேரத்துலதான் தம்பி உங்க மெசேஜ் வந்துச்சு" என்றார் வீரம்மா. "மாரியாயிகிட்ட ரூம் வேணாம்னு சொல்லிட்டேன். அந்தம்மாகிட்டயும் சொல்லிட்டேன். நான் நகரமாட்டேன், லாயர் சொல்லிட்டாரு, வேணும்னா கோர்ட்டுக்கு வாங்கன்னு."

வாசுவின் சிரிப்பு பாதியில் நின்றது. எதிர் மேசையில் ரமணி தட்டச்சு செய்வதை நிறுத்தியது அவன் காதில் விழுந்தது.

அதன் பிறகு தனலெட்சுமி பேச்சை நிறுத்திவிட்டாராம். சனிக்கிழமை ஜீவன் லோரியோடு வருவான், சாமான்களை எடுத்து வெளியே வைப்பான் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் வீரம்மா காதில் விழும்படி சொன்னாராம். வீரம்மாவுக்கு அதில் துளிகூடக் கலவரம் இல்லை. அவர் வந்ததே அதற்காகத்தான்.

"சனிக்கிழமை நீங்க வந்து வாசல்ல நின்னா போதும் தம்பி. படத்துல நிக்கிற மாதிரி."

ரமணிக்குப் புரையேறியது. வாசு தண்ணீர் குடிக்கிற சாக்கில் யோசித்தான். பதிவின் அடியில், 'இது பொதுத் தகவல் மட்டுமே, சட்ட ஆலோசனை அல்ல' என்று அவன் தெளிவாகப் போட்டிருந்தான். அதை அந்த அம்மாள் பார்க்கவில்லையா? கைப்பேசியை வாங்கிப் பார்த்தான். பார்த்திருக்க வழியே இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் அடிப்பகுதியை வெட்டியெறிந்துவிட்டு, அந்த இடத்தில் ரோஜாப்பூவும் 'இனிய காலை வணக்கமும்' ஒட்டி, கோயில் வாட்சப் குழுவில் அனுப்பியிருந்தார்.

அவன் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தான். பதிவு எழுதும்போது யாரிடமும் கேட்காத கேள்விகள். ஒப்பந்தம் எழுதியிருக்கிறதா? இல்லை. வீட்டுக்காரர் எங்கே குடியிருக்கிறார்? அதே வீட்டில், முன் அறையில். சமையல்? ஒரே அடுப்பு. அறைக்குத் தனிப் பூட்டு உண்டா? எதற்குப் பூட்டு என்று வீரம்மா திருப்பிக் கேட்டார். தனலெட்சுமியின் அரிசி மூட்டையும் தீபாவளிப் பாத்திரங்களும் அந்த அறை அலமாரியில்தான் இருக்கின்றன. வேண்டும்போது உள்ளே வந்து எடுத்துக்கொண்டு போவார், அப்படியே கட்டிலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் நாடகக் கதை பேசிவிட்டும் போவார். பேச்சு நின்ற பிறகுதான் வருவதில்லை.

ஒவ்வொரு பதிலுக்கும் வாசு தன் நாற்காலியில் ஓர் அங்குலம் இறங்கினான். வாடகைக்கு விட்ட வீட்டை நீதிமன்றம் வழியாகத்தான் திரும்பப் பெற வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்பு வாடகைக் குடியிருப்புக்கு உரியது. வீட்டுக்காரரோடு ஒரே கூரையின் கீழ், அவர் வந்து போகிற அறையில் தங்கியிருப்பவரை வெறும் அனுமதியின் பேரில் தங்கியிருப்பவர் என்று நீதிமன்றம் கருதக்கூடும். கருதாமலும் போகலாம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதெல்லாம் அவனுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். எழுதும்போது நினைவுக்கும் வந்தது. எழுதினால் படிக்க நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டான்.

அவன் அதை எவ்வளவு பதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதமாகச் சொன்னான். அந்தப் பதிவை நம்பி நிற்க வேண்டாம், உங்கள் விஷயத்தில் அது உதவாமல் போக வாய்ப்பு அதிகம், நியாயமான அவகாசம் கேட்பதுதான் நல்லது என்றான். வீரம்மா முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் வாசுவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மாரியாயி சொன்ன ரூமுக்கு ஆள் வந்துருச்சு தம்பி" என்றார். "அப்ப நான் எங்க போறது?"

வாசு தன் நம்பரைக் கொடுத்தான். சனிக்கிழமைக்குள் ஏதாவது செய்வதாகச் சொன்னான். வீரம்மா போன பிறகு அவன் கணினியைத் திறந்து பதிவை அழித்தான். பிறகுதான் உறைத்தது, அழித்து என்ன பயன்? ரோஜாப்பூ வைத்த பிரதி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அதைத் துரத்திப் பிடிக்க இன்னொரு பதிவைத்தான் அனுப்ப வேண்டும்.

ரமணி உடனே ஒன்று எழுதிக் கொடுத்தாள். பிசிறில்லாத எழுத்து. ஒவ்வொரு வரியிலும் 'சூழ்நிலையைப் பொறுத்து', 'ஒப்பந்தத்தைப் பொறுத்து', 'நீதிமன்றத்தின் பார்வையைப் பொறுத்து'. இதை வைத்து நம்மை யாரும் எங்கேயும் மாட்டிவிட முடியாது என்றாள் பெருமையாக. வாசு அதைத் தொலைபேசியில் வீரம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். கேட்டு முடித்த பிறகு வீரம்மா, சரி தம்பி, இன்னைக்கே மூட்டை கட்டிர்றேன் என்றார்.

"பாத்தியா" என்றான் வாசு ரமணியிடம். "நான் எழுதினதப் படிச்சா யாரும் நகரமாட்டாங்க. நீ எழுதினதப் படிச்சா முழு வீட்ட முறைப்படி வாடகைக்கு எடுத்தவன்கூட பயந்து ஓடிருவான் லா."

ரமணி ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் எதிர்த்தும் பேசவில்லை. இருவரும் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினார்கள். அடியில் ஒரு எச்சரிக்கை என்ற வேலையே வேண்டாம், அதை எவனாவது வெட்டிவிடுவான். எந்த வரியை வெட்டி அனுப்பினாலும் அது யாருக்குப் பொருந்தும் என்பது அந்த வரிக்குள்ளேயே இருக்க வேண்டும். 'நீங்கள்' வரும் இடமெல்லாம் வாசு தயங்கினான். எந்த நீங்கள்? 'நகராதீர்கள்' போன இடத்தில் என்ன வைப்பது என்று அரை மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். கைகட்டிய படம் போயிற்று. அதற்கு மட்டும் வாசு கொஞ்சம் வருத்தப்பட்டான்.

எழுதி முடித்ததும், இதை வாடகைக்கு இருப்பவர் ஒருவரும் வீட்டுக்காரர் ஒருவரும் ஒன்றாக உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. ஒருத்தர் படித்துவிட்டு இன்னொருத்தரை அடிக்க இதைக் கையில் எடுத்தால், எழுதியது தப்பு.

"கிள்ளானுக்கா போறே?" என்றாள் ரமணி. "யாரோட லாயரா?"

நியாயமான கேள்வி. வாசு வீரம்மாவிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் தனலெட்சுமியை அழைத்தான். பதிவை எழுதியவன் நான்தான் என்றான். வீரம்மா என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தவர், அதனால் உங்களுக்கு நான் ஆலோசனை சொல்ல முடியாது, வேண்டுமென்றால் நீங்கள் வேறு வழக்கறிஞரைப் பார்க்கலாம் என்றும் சொன்னான். திருத்தி எழுதியதை இருவருக்கும் வாசித்துக் காட்ட மட்டும் வரலாமா என்று கேட்டான். தனலெட்சுமி, வாங்க, உங்க மூஞ்சியத்தான் நானும் பாக்கணும்னு இருக்கேன் என்றார். வரவேற்பு என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசு கிள்ளான் போய்ச் சேர்ந்தான். வரிசை வீடு, வாசலில் துளசித் தொட்டி, உள்ளே பளபளவென்று துடைத்த தரை. நீள நாற்காலியின் ஒரு ஓரத்தில் தனலெட்சுமி, மறு ஓரத்தில் வீரம்மா. நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம். வாசுவை மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நீதிபதி முன் நிற்கும்போதுகூட அவனுக்கு இப்படி வேர்த்ததில்லை.

அவன் வாசித்தான்.

'யாருடைய விஷயம் எப்படி முடியும் என்று இந்தப் பதிவால் சொல்ல முடியாது. முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்துத் தனியாக இருப்பவர், காலம் முடிந்த பின்னும் வெளியேறாவிட்டால், வீட்டுக்காரர் பொதுவாக நீதிமன்றம் வழியாகத்தான் வீட்டைத் திரும்பப் பெற வேண்டும். அதனால் அவர் அங்கேயே இருந்துவிடலாம் என்று பொருள் இல்லை. நீதிமன்றத்தில் வீட்டுக்காரர் ஜெயித்தால், தங்கியிருந்த காலத்துக்கு இரட்டை வாடகை வரை கேட்கப்படலாம்.'

தனலெட்சுமி தலையை ஆட்டினார். இது தன்னைப் பற்றி இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

'வீட்டுக்காரரும் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையில் தங்கியிருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். அறைக்குத் தனிப் பூட்டு இருக்கிறதா, வீட்டுக்காரர் இஷ்டப்படி வந்து போகிறாரா, என்ன பேசி வைத்தார்கள், இப்படிப் பலவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். ஒரு விவரத்தை மட்டும் வைத்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.'

"இருங்க" என்றார் தனலெட்சுமி. "என் அரிசி மூட்டை அவ ரூம்ல இருக்கு. அப்ப அது என் ரூம்னுதானே அர்த்தம்?"

உங்களுக்கு நான் பதில் சொல்லக் கூடாது ஆன்டி, பதிவில் எழுதியிருப்பது இவ்வளவுதான், அரிசி மூட்டை பல விவரங்களில் ஒன்று என்றான் வாசு. அப்படியானால் மூட்டையை எடுத்துவிட்டால் அது என் அறையா என்று வீரம்மா அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். அதுவும் ஒரு விவரம்தான் என்றான் வாசு. இரண்டு பெண்களும் அவனை ஒரே மாதிரி முறைத்தார்கள். ஒரு வாரத்தில் அவர்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

அவன் மீதியையும் வாசித்தான். 'தங்கியிருப்பவர் வேறு இடத்தை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்பும், வீட்டுக்காரர் பூட்டை மாற்றுவதற்கோ சாமான்களை வெளியே வைப்பதற்கோ முன்பும், தங்கள் விவரங்களைச் சொல்லி வழக்கறிஞரிடமோ சட்ட உதவி மையத்திலோ கேட்டுக்கொள்வது நல்லது. அதற்கும் முன்னால், எவ்வளவு நாள் வேண்டும், எவ்வளவு நாள் கொடுக்க முடியும் என்று ஒருவரை ஒருவர் கேட்டுப் பார்க்கலாம்.'



"அப்ப நாளைக்கு ஜீவன் சாமானத் தூக்கி வெளிய வச்சா, அதுவும் தப்பா போகலாமா?" என்று தனலெட்சுமி மெதுவாகக் கேட்டார்.

"இந்தப் பதிவு உங்களுக்கும் உறுதி குடுக்காது ஆன்டி. அவங்களுக்கும் குடுக்காது."

"ரெண்டு பேருக்குமே இல்லன்னா இத எதுக்கு எழுதுறீங்க?"

வாசுவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அதற்குள் வீரம்மா பேச ஆரம்பித்துவிட்டார், வாசுவைப் பார்த்து இல்லை. ஜீவன் எப்போது வருகிறான் என்று கேட்டார். அடுத்த மாதம் பாதியில் என்றார் தனலெட்சுமி, நாளைக்கு வருவது சாமான் கொண்டு வர மட்டும்தான். எனக்கு ஒரு மாதம் கிடைத்தால் வேறு இடம் பார்த்துவிடுவேன் என்றார் வீரம்மா.

தனலெட்சுமியின் முகம் மாறியது. "இத நீ மொதல்லயே கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? மூணு வருசம் ஒரே அடுப்புல ஆக்கித் தின்னுட்டு, என் வீட்டு நடுக்கூடத்துல நின்னு என்னைக் கோர்ட்டுக்கு வான்னு சொல்றே."

வீரம்மா தலையைக் குனிந்துகொண்டார். கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று அவருக்கு யார் சொன்னது என்பது அங்கே மூன்று பேருக்கும் தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள் ஆன்டி, அது நான் எழுதியது என்றான் வாசு. வெட்கமாக இருந்தது. ஆனால் சொன்ன பிறகு மூச்சு கொஞ்சம் சுலபமாக வந்தது.

தனலெட்சுமி மகனுக்குப் போன் போட்டார். நாளைக்கு லோரி வேண்டாம், சாமான் இரண்டு வாரம் கழித்து வரட்டும், அப்போதும் முன்கூடத்தில்தான் இறக்க வேண்டும் என்றார். மறுமுனையில் அவன் ஏதோ முனகியிருக்க வேண்டும். உன் அம்மா வீடுடா, வாயை மூடு என்று வைத்துவிட்டார். பிறகு எழுந்து தேநீர் கலக்கப் போனார். மூன்று கோப்பை.

எல்லாம் சுபம் என்று வாசு நினைத்துக்கொண்டே ரயிலேறினான். முழுவதும் அப்படி இல்லை. ஒரு மாதத்தில் வீரம்மாவுக்குக் கிடைத்த அறை ஊருக்கு வெளியே காப்பாரில். கேண்டீனுக்கு விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். மாரியாயி பார்த்துக் கொடுத்த அறை கிடைத்திருந்தால் நடந்தே போயிருப்பார். அதை வாசுவிடம் வீரம்மா குறையாகச் சொல்லவில்லை, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார்.

புதிய பதிவு வெளியாகி ஒரு வாரம் ஆகியும் அதைச் சீந்துவார் இல்லை. ரமணி ஒரு லைக் போட்டாள். பங்சார் பையன் போடவில்லை. ரோஜாப்பூ வைத்த பழைய பிரதி மட்டும் இன்னும் உலவிக்கொண்டிருந்தது. வாசு நேரே வீரம்மாவிடமே கேட்டான். அந்தக் கோயில் குழுவில் புதியதைப் போட முடியுமா? போடுகிறேன் தம்பி, ஆனால் எழுத்தை மட்டும் போட்டால் யார் படிக்கப் போகிறார்கள், நான் பேசியும் போடுகிறேன் என்றார்.

அவர் பேசியதை வாசுவுக்கும் அனுப்பியிருந்தார். அவன் அலுவலகத்தில் ரமணியின் எதிரிலேயே அதை ஓடவிட்டான். பஸ் இரைச்சலுக்கு நடுவே வீரம்மாவின் குரல்.

"அக்கா, அண்ணே எல்லாருக்கும் வணக்கம். முன்ன ஒரு மெசேஜ் வந்துச்சுல்ல, நகராதீங்கன்னு, அத நம்பித்தான் நான் கையில இருந்த ரூம விட்டேன். இப்ப காப்பார்லருந்து பஸ்ல போயிட்டிருக்கேன். இந்தப் புதுசப் படிங்க. படிச்சிட்டு, இது உங்களுக்குத்தான் எழுதினதுன்னு நெனச்சிராதீங்க, போய் உங்க கதையச் சொல்லிக் கேளுங்க. அந்த லாயர் தம்பி நல்ல பிள்ளதான். மொத மெசேஜ் எழுதறப்ப அவருக்கு என்னையத் தெரியாது, அவ்வளவுதான்."